எங்கள் பணியாளர்கள் என்ற அந்தப் பக்கம்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் நான் ஏழு வருடம் வேலை பார்த்தேன். கீழே பூக்கடை. மேலே எங்கள் அலுவலகம். இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கையுறையும் பஞ்சும் அடுக்கிய அலமாரி, யார் எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று எழுதிவைக்கும் வெள்ளைப் பலகை. வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளத் தாதிகளை அனுப்புவது எங்கள் வேலை. முதலாளியம்மா அரசாங்க ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் எல்லாரும் அவரை மேட்ரன் என்றுதான் கூப்பிட்டோம். தாதிகள் ஒன்பது பேர். பதினோராவது ஆள் நான். தொலைபேசி எடுப்பேன், கடிதம் அடிப்பேன், யாருக்காவது காய்ச்சல் என்றால் மாற்று ஆள் தேடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நோயாளிகளின் பிள்ளைகள் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மெல்பர்னிலிருந்து மின்னஞ்சல் எழுதியிருந்தாள். தன் தாயாருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது, வீட்டில் வேறு யாரும் இல்லை, நீங்கள் அனுப்பப் போகிற மனுஷி யார், எப்படி இருப்பாள், என்ன படித்திருக்கிறாள், எதுவும் தெரியாமல் நான் எப்படிக் கதவைத் திறந்துவிடச் சொல்வது என்று கேட்டிருந்தாள். நான் அதை அச்செடுத்து மேட்ரனிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். கேட்டது நியாயம்தானே என்றார்.

எங்களுக்கு ஏற்கனவே இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. மாலை வகுப்பில் ஆறு வாரம் கற்றுக்கொண்டு நானே செய்தது. அலுவலக முகவரியும் தொலைபேசி எண்ணும் மட்டும் இருக்கும். இப்போது இன்னொரு பக்கம் சேர்க்கலாம் என்றேன். எங்கள் பணியாளர்கள் என்று தலைப்பு வைத்து, ஒவ்வொருவர் படமும் போட்டு, கீழே நாலு வரி. மேட்ரன் சரி என்றார். நாலு வரி எப்படி இருக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கேதான் தப்பு ஆரம்பித்தது. தப்பு என்னுடையது.

எனக்கு எழுத ஆசை இருந்தது. பயிற்சி, அனுபவம் என்று மட்டும் போட்டால் உயிரில்லாமல் இருக்கும், படிக்கிறவர்களுக்கு இவர்கள் நம்மைப் போன்ற மனுஷர்கள் என்று தோன்ற வேண்டும் என்று நினைத்தேன். தாதிகள் சம்பளக் கவரை வாங்க வரும் நாளில் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, டீ கொடுத்து, பேச்சுக் கொடுத்தேன். அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டேன். ஒருத்தியின் கணவர் போன வருடம் இறந்துபோனது, ஒருத்தி நன்றாகக் கோழிக்கறி சமைப்பது, யார் எந்தக் குடியிருப்புத் தாமானில் இருக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள், எந்தக் கோயிலுக்குப் போவார்கள். படத்தை வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்தேன். பிலிமைக் கழுவி, போட்டோக் கடையில் ஸ்கேன் செய்து, டிஸ்க்கில் வாங்கிவந்து, கம்ப்யூட்டரில் சிறிதாக்கினேன். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த காலம். படம் பெரிதாக இருந்தால் திறப்பதற்குள் ஆள் எழுந்து போய்விடுவார்.

ஒருத்தி மட்டும் படம் வேண்டாம் என்றாள். உதவித் தாதி. அப்போது முப்பது வயது இருக்கும். பேராக் பக்கத்திலிருந்து வந்தவள், கிள்ளானில் ஏழு வயது மகளோடு ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம். வெயில் கொளுத்தினாலும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவள் போன வீடுகளில் எல்லாரும் மறுபடியும் அவளைத்தான் கேட்பார்கள். அந்த மெல்பர்ன்காரியின் தாயார் வீடு பங்சாரில். அவருக்கு அவளைத்தான் அனுப்பத் திட்டமிட்டிருந்தோம். அதனால் அவள் படம் கட்டாயம் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

"எம் படம் வேணாம்க்கா," என்றாள்.

ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெட்கம் என்று நினைத்தேன். எல்லார் படமும் இருந்து உன் படம் மட்டும் இல்லையென்றால் ஆட்கள் என்ன நினைப்பார்கள், மேட்ரனுக்குத்தானே கெட்ட பெயர் என்றேன். அவள் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றாள். பிறகு, இதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள்.

"வெளிநாட்டுல இருக்கிறவங்கதான் பாப்பாங்க. நம்ம ஆளுங்க யாரு இதெல்லாம் பாக்குறா?" என்றேன்.

அதைக் கேட்டு அவள் சுவருக்கு முன்னால் போய் நின்றாள். படத்தில் அவள் சிரிக்கவில்லை. அவளைப் பற்றி அவள் சொன்னது குறைவு. நான்தான் எனக்குத் தெரிந்ததைச் சேர்த்து எழுதினேன். மகளோடு கிள்ளானில் வசிக்கிறார், மகள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், தினமும் மகளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டுக் கொமுட்டர் ரயில் பிடித்து வேலைக்கு வரும் பொறுப்பான தாய். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. பெயரை அவரவர் ஐ.சி. அடையாள அட்டையில் இருக்கிறபடி, தகப்பன் பெயரோடு சேர்த்து முழுதாகப் போட்டேன். போதாததற்குத் தேடுபொறிகளில் எங்கள் பக்கத்தைப் பதிவும் செய்தேன். யாராவது பெயரை அடித்துத் தேடினால் நாங்கள் முதலில் வர வேண்டும் என்று, பக்கத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அந்தப் பெயர்களை வரிசையாக எழுதிவைத்தேன். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

கடைசியில் என் படத்தையும் போட்டுக்கொண்டேன்.

பக்கம் ஏறிய முதல் மாதம் எல்லாம் நல்லபடியாக நடந்தது. மெல்பர்ன்காரி நன்றி சொல்லி எழுதினாள். அவள் தாயார் வீட்டுக்கு அந்த உதவித் தாதி போக ஆரம்பித்தாள். லண்டனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் புதிதாக இரண்டு குடும்பங்கள் கேட்டு எழுதின. மேட்ரன் வருகிறவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை இருக்கும். மேட்ரன் உள்ளே மருந்துப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. எடுத்தேன். பொதுத் தொலைபேசியிலிருந்து ஒரு ஆண் குரல். பின்னால் பஸ் உறுமுவது கேட்டது. குரல் மரியாதையாக இருந்தது. படம் வேண்டாம் என்ற அந்தத் தாதியின் முழுப்பெயரைச் சொல்லி, இன்றைக்கு வேலைக்கு வந்திருக்கிறார்களா என்று கேட்டான். வந்திருக்கிறார், ஐந்து மணி வரை வெளியே ஒரு வீட்டில் இருப்பார் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டேன். ஏதாவது தகவல் சொல்ல வேண்டுமா என்றும் கேட்டேன்.

"வேணாம் மிஸ். அஞ்சு மணி வரைக்கும் வரமாட்டா, அது போதும்," என்றான். கொஞ்சம் நிறுத்தினான். "நீங்கதான் நல்லா எழுதியிருக்கீங்களே. எல்லாம் இருக்கு. ஒன்னு மட்டும் போடல. அந்தப் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும்?"

நான் வாய் திறப்பதற்குள் அவனே, பரவாயில்லை, கேட்டுத் தெரிந்துகொள்கிறேன் என்று வைத்துவிட்டான்.

ரிசீவரை வைத்துவிட்டு கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு படமாக மேலிருந்து கீழே வந்தது. அவள் படத்துக்குக் கீழே இருந்த வரிகளை, இப்போது தொலைபேசியில் பேசியவன் படிப்பதுபோலப் படித்தேன். எந்த ஊர். எந்தப் பள்ளி. தாயும் பிள்ளையும் எப்போது சேர்ந்திருப்பார்கள், பிள்ளை எப்போது தனியாக இருக்கும். முகவரி மட்டும்தான் இல்லை. முகவரி அவனுக்குத் தேவையில்லை. உள்ளே போய் மேட்ரனிடம் சொன்னேன். பாதியிலேயே எழுந்துவிட்டார்.

அவர் கத்தவில்லை. முதலில் பள்ளியின் எண்ணைத் தேடச் சொன்னார். தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டினேன், எழுத்து எதுவும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அவரே வாங்கித் தேடினார். தலைமையாசிரியையிடம், தாய் நேரில் வராமல் யார் வந்து கேட்டாலும் பிள்ளையை அனுப்பாதீர்கள், தகப்பன் என்று சொன்னாலும் அனுப்பாதீர்கள் என்றார். பன்னிரண்டே முக்காலுக்குப் பள்ளி விடும் என்றார்கள். அப்போது பதினொன்றாகவில்லை.

மேட்ரனின் புரோட்டோன் சாகா காரில் பங்சாருக்குப் போனோம். நோயாளியை விட்டுவிட்டு வர முடியாது. பக்கவாதம் வந்தவரைப் பத்து நிமிடம்கூடத் தனியாக விட மாட்டோம். அதனால் மேட்ரனே அந்த அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டு, கார்ச் சாவியை என்னிடம் கொடுத்தார். எனக்கு லைசென்ஸ் இருந்தது. ஆனால் பிரிக்பீல்ட்ஸைத் தாண்டி ஓட்டியதில்லை.

அவள் அந்த அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு ஆள் போன் செய்தான் என்று நான் தொடங்கியதுமே கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். வாயைத் துடைத்துவிட்டு, தலையணையை உயர்த்தி, எத்தனை கரண்டி கொடுத்தேன் என்று மேட்ரனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். காரில் ஏறிய பிறகுதான் கேட்டாள்.

"பள்ளிக்கூடத்தப் பத்தி எழுதியிருக்கீங்களா அக்கா?"

ஆமாம் என்றேன். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. நான் எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெடரல் நெடுஞ்சாலையில் லோரிகள் இரண்டு பக்கமும் உரசுவதுபோலப் போயின. டோலில் மூன்று கார் முன்னால் நின்றதற்கே ஹார்ன் அடித்தேன். அவள் முன்னால் பார்த்தபடியே பேசினாள். அவன் அவளுடைய கணவன். இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். கடைசி முறை கொதிக்கிற தண்ணீர். அதுதான் முழுக்கைச் சட்டை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவள் சொந்த அக்காவிடம்கூட எங்கே இருக்கிறேன் என்று சொல்லவில்லையாம். மன்னித்துக்கொள் என்று நான் அழ ஆரம்பித்தேன். அவள் திட்டவில்லை.

"நான் வேணாம்னு சொன்னேன்லக்கா," என்றாள். அவ்வளவுதான்.

பள்ளிக்கு வந்தபோது பன்னிரண்டு ஐந்து. கேட் பூட்டியிருந்தது. உள்ளே பள்ளிக் காவலாளியான ஜாகா நாற்காலியைக் கேட்டை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். சாலைக்கு எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் ஒருவன் நின்றிருந்தான். சலவை செய்த சட்டை, தலையை எண்ணெய் தடவி வாரியிருந்தான். கையில் நாலாக மடித்த காகிதம். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த யாரோ ஒரு தகப்பன் என்றுதான் நான் நினைத்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் புரிந்தது.

ஜாகா சின்னக் கதவைத் திறந்தார். அவளை உள்ளே தள்ளினேன். நான் நுழைவதற்குள் அவன் சாலையைக் கடந்து வந்துவிட்டான். அவளைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் பார்த்தான். காகிதத்தைப் பிரித்தான். எங்கள் பக்கம். வண்ணத்தில் அச்செடுத்திருந்தான், அல்லது யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். என் முகத்தையும் காகிதத்தையும் மாறிமாறிப் பார்த்தான்.

"நீங்கதானே இது? படத்துல கொஞ்சம் சதையா தெரியுறீங்க. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல அப்பா அம்மாகூட இருக்கீங்க, இல்ல?"

குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் ஏதோ தெரிந்தவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். என்னைப் பற்றி நான் எழுதியது அதுதான். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தகப்பனாரோடும் தாயாரோடும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வசிக்கிறார், ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போவார். ஜாகா என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டினார். அவன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, தன் மகளைப் பார்க்க ஒரு தகப்பனுக்கு உரிமை இல்லையா என்று அவரிடம் கேட்டான். தலைமையாசிரியை ஏற்கனவே போலீசுக்குச் சொல்லியிருந்தார். ஜாகா அதைச் சொன்னதும் அவன் காகிதத்தைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ரயில் நிலையத்துப் பக்கம் நடந்து போனான். ஓடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பிள்ளை தலைமையாசிரியையின் அறையில் வண்ணப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தது. ஏன் சீக்கிரம் வந்தீங்க என்று அம்மாவைக் கேட்டது.

அன்றைக்கே கிள்ளான் காவல் நிலையத்தில் புகார் எழுதினோம். ஒரு மலாய்க்காரப் பெண் போலீஸ் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கணவன் நெருங்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கலாம், அதற்கு எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்றும் விளக்கினார். கடைசியில், எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

அவளையும் பிள்ளையையும் மேட்ரன் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். நான் அலுவலகத்துக்கு வந்து பக்கத்தை அழித்தேன். மோடம் கத்தி முடித்து இணைப்புக் கிடைக்கும்வரை நாற்காலியில் உட்கார முடியவில்லை. அழித்தாகிவிட்டது என்று நிம்மதியாக மூச்சுவிட்ட பிறகு ஏதோ தோன்றி, அவள் படத்தின் முகவரியை மட்டும் தனியாக அடித்துப் பார்த்தேன். மெதுவாக அவள் நெற்றி வந்தது, கண் வந்தது, சிரிக்காத வாய் வந்தது. பக்கத்தைத்தான் அழித்திருந்தேன். படங்கள் வேறு ஒரு கோப்புறையில் அப்படியே கிடந்தன. அவற்றுக்கு நான் வைத்திருந்த பெயரும் அவரவர் முழுப்பெயர். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தேன்.

மறுநாள் தெரிந்தவர் ஒருவர் அலுவலகத்தில் போய்ப் பார்த்தால், அங்கே அந்தப் பக்கம் இன்னும் திறந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இணையச் சேவை கொடுக்கும் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டேன். ஒருமுறை திறந்த பக்கத்தின் பிரதியைத் தங்கள் கம்ப்யூட்டர் கொஞ்ச நாள் வைத்திருக்கும், தானாகப் போய்விடும் என்று சாதாரணமாகச் சொன்னார்கள். நாலு நாளில் போயிற்று. தேடுபொறியில் அவள் பெயரை அடித்தால் முதல் இரண்டு வரி மட்டும் இன்னும் சில வாரம் வந்துகொண்டிருந்தது. அதில் கிள்ளான் என்ற சொல் இருந்தது. தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் தேடிப் பார்ப்பேன். அவன் சட்டைப்பையில் இருந்த காகிதத்தை எதைக்கொண்டும் அழிக்க முடியாது என்பதும் தெரியும்.

அந்த மாதங்களில் நான் எப்படி வாழ்ந்தேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் சொல்லாதீர்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவர் மனதுக்குள் வேறு ஏதோ நினைத்துக்கொண்டு, அம்மாவிடம் எனக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொன்னார். வேலைக்கு ஒரு நாள் ஒரு வழி, மறுநாள் வேறு வழி. தெருவில் சலவைச் சட்டை போட்ட எந்த ஆணைப் பார்த்தாலும் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிடுவேன்.

அவன் ஒருமுறை வந்தான். மதியம், பூக்கடை வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துவிட்டு நான் மேசைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தைந்து வயதுப் பெண், மேசைக்குக் கீழே. மேட்ரன் போலீசுக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டுத் தனியாகக் கீழே இறங்கிப் போனார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். அவளுக்காக வாங்கியிருந்த நீதிமன்ற உத்தரவின் நகலைக் காட்டி, தாதி இனி இங்கே வேலை செய்யவில்லை, எங்கே போனாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது என்றாராம். முதல் பாதி பொய். இரண்டாவது பாதி உண்மை. அதற்குள் அவள் வீடு மாறி, பிள்ளைக்கும் வேறு பள்ளி பார்த்திருந்தாள். எந்த ஊர் என்று என்னிடம் சொல்ல வந்தபோது நானே வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். எனக்குத் தெரியாமல் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. உத்தரவை மீறினால் பிடித்து உள்ளே வைப்பார்கள் என்று போலீஸ் அவனுடைய ஊருக்கே போய்ச் சொல்லியிருந்தார்கள்.

பணியாளர்கள் பக்கத்தை மறுபடி போடவே மாட்டேன் என்று இருந்தேன். ஆனால் பக்கம் காணாமல் போனதைப் பார்த்து மெல்பர்ன்காரி பதறிப்போய் எழுதினாள். கம்பெனியை மூடிவிட்டீர்களா, என் தாயார் வீட்டில் இருப்பது உங்கள் ஆள்தானா என்று கேட்டாள். சிங்கப்பூர்க் குடும்பம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. மெல்பர்ன்காரியின் பயமும் உண்மையான பயம்தான். பேச முடியாத தாயாரோடு ஒரு அந்நிய மனுஷி தனியாக இருக்கிறாள்.

மேட்ரன் ஒரு சனிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டார். பழைய பக்கத்தின் அச்சுப் பிரதியை நடுவில் வைத்து, ஒவ்வொரு வரியாக என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். பரீட்சையில் தோற்றவள் மாதிரி வாசித்தேன். கோழிக்கறி வரி வந்ததும் அந்தத் தாதி, அதைப் படித்துவிட்டு ஒரு வீட்டில் தன்னைச் சமைக்கச் சொல்கிறார்கள் என்றாள். கணவரை இழந்தவள், போகிற வீடுகளிலெல்லாம் அவர் எப்படிச் செத்தார் என்று கதவிலேயே கேட்கிறார்கள் என்றாள். இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை. நான் ஆசையாக எழுதினேன் என்று பேசாமல் இருந்திருக்கிறாள்.

"கதவத் தெறக்கிறவங்களுக்கு நம்மளப் பத்தி என்ன தெரியணும்? அத மட்டும் சொல்லுங்க," என்றார் மேட்ரன்.

ஒரு மணி நேரம் பேசினோம். வேலையில் கூப்பிடும் பெயர் போதும், தகப்பன் பெயர் வேண்டாம் என்றார்கள். என்ன பதவி, எங்கே பயிற்சி, தாதியர் பதிவு இருக்கிறதா, எத்தனை வருட அனுபவம், எந்த மாதிரி நோயாளிகளைப் பார்த்துப் பழக்கம், என்னென்ன மொழி பேசுவார். ஊர் வேண்டாம், குடும்பம் வேண்டாம், எப்படி வேலைக்கு வருகிறார்கள் என்பது வேண்டவே வேண்டாம். படம் சீருடையில், முகம் தெளிவாக. கதவைத் திறக்கிறவர் படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். ஆனால் விருப்பம் இல்லாதவர் படத்தைப் போடக் கூடாது, காரணமும் கேட்கக் கூடாது. அப்படிப்பட்டவர்களை முதல் நாள் மேட்ரனே வீட்டுக்குக் கூட்டிப்போய் அறிமுகம் செய்வார். எல்லாரும் படம் ஒட்டிய அட்டையைக் காட்டுவார்கள். சந்தேகம் இருந்தால் உள்ளே விடாமல் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள் என்று பக்கத்தின் மேலேயே எழுதுவோம். தனி ஆளுக்கு எண் கிடையாது, அலுவலக எண் மட்டும். அலுவலகத்துக்கு யார் போன் செய்து கேட்டாலும், எந்தத் தாதி எங்கே இருக்கிறாள், எப்போது வருவாள் என்று சொல்லக் கூடாது. அதை மேட்ரன் என்னைப் பார்த்துச் சொன்னார்.

எழுதியதை ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஏற்றினேன். படங்களுக்கு வெறும் எண்களைப் பெயராக வைத்தேன். முழுப்பெயர்களை எங்கேயும் எழுதவில்லை. பார்க்கக் காய்ந்துபோன பக்கம் மாதிரி இருந்தது. இதை யார் நம்புவார்கள் என்று எனக்குச் சந்தேகம். மெல்பர்ன்காரிதான் முதலில் பதில் எழுதினாள். முன்னதைவிட இது தனக்கு நிம்மதியாக இருக்கிறது என்றாள். தன் தாயாரைப் பற்றியும் நாங்கள் யாரிடமும் இப்படித்தான் அளந்து பேசுவோம் என்று தோன்றுகிறதாம். அது நான் நினைத்தே பார்க்காத கோணம்.

அந்தச் சனிக்கிழமை கிள்ளானில் இருந்த அந்த உதவித் தாதியும் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தாள். பக்கத்தில் தன் படமும் பெயரும் வேண்டாம் என்றாள். ஆனால் பக்கவாதம் வந்தவர்களைப் பார்க்கத் தெரிந்த உதவித் தாதி ஒருவரும் எங்களிடம் இருக்கிறார் என்று ஒரு வரி போட முடியுமா என்று கேட்டாள். செய்கிற வேலையையாவது யாராவது தெரிந்துகொள்ளட்டும் என்றாள். போட்டேன். வாசித்துக் காட்டினேன். அவள் ஒரு சொல்லை மாற்றச் சொன்னாள், மாற்றினேன்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் எங்களோடு இருந்தாள். பிறகு வேறு ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகிற அன்று எனக்கு ஒரு புடவை வாங்கி வந்திருந்தாள். எனக்கு அதைக் கையில் வாங்கவே கூச்சமாக இருந்தது. மகள் வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள் என்றாள். எந்தப் பள்ளி என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படி வரைக்கும் போய் வழியனுப்பினேன். அவள் தெருமுனை திரும்பும்வரை, அவளுக்குப் பின்னால் யாராவது நடக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் இல்லை.